கியர் சைக்கிளில் செயின் திரும்பத் திரும்பக் கழன்றால்: எதை முதலில் பார்ப்பது, எதை அப்புறம் தொடுவது

பல்லடத்திலிருந்து திருப்பூருக்கு வாரத்தில் மூன்று நாள் சைக்கிளில் வேலைக்குப் போய் வருகிறேன். போக வரச் சுமார் 30 கிலோமீட்டர். முன்னால் மூன்று, பின்னால் ஏழு என்று 21 கியர் உள்ள சாதாரண சைக்கிள்தான். போன ஆடி மாதம் தொடங்கி ஐப்பசி வரைக்கும் அதில் செயின் கழன்றுகொண்டே இருந்தது. மூன்று இடத்தில் காட்டினேன். இரண்டு முறை ஸ்க்ரூவைத் திருகிக் கொடுத்தார்கள், ஒருமுறை புதுச் செயினே மாட்டினார்கள். எதுவும் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கவில்லை.

கடைசியில் கோவையில் ஒரு வயதான மெக்கானிக், சைக்கிளைப் பின்பக்கமிருந்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "ஏனுங் தம்பி, வண்டி எப்பவாவது வலப்பக்கமா விழுந்துச்சுங்களா?" விழுந்திருந்தது. நான் அதை ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை. அவர் வேலை செய்த வரிசையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அப்புறம் நானே இரண்டு சைக்கிளில் செய்து பார்த்தேன். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். கியர் இல்லாத சைக்கிளுக்கு இது பொருந்தாது. அதில் செயின் கழன்றால் பெரும்பாலும் செயின் தொய்வுதான் காரணம், பின் சக்கரத்தை இழுத்து முறுக்கினால் சரியாகிவிடும்.

1. செயின் எந்தப் பக்கம் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்

அடுத்த முறை கழன்றதும் உடனே கையால் எடுத்து மாட்டிவிடாதீர்கள். மாட்டுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுங்கள். செயின் விழக்கூடிய இடங்கள் நான்கு.

பின்னால், பெரிய பல்சக்கரத்தைத் தாண்டி சக்கரக் கம்பிகளின் பக்கம் விழலாம். அல்லது சின்னப் பல்சக்கரத்தைத் தாண்டி ஃபிரேமுக்கும் ஃப்ரீவீலுக்கும் நடுவில் சிக்கலாம். முன்னால், சின்னச் செயின் வீலைத் தாண்டி உள்பக்கம் விழலாம். அல்லது பெரிய செயின் வீலைத் தாண்டி பெடல் பக்கம் விழலாம். படத்தோடு அப்போது எந்தக் கியரில் இருந்தீர்கள், கியர் மாற்றும்போது விழுந்ததா, மாற்றாமல் மிதித்துக்கொண்டிருக்கும்போதே விழுந்ததா என்பதையும் எழுதி வையுங்கள். மாற்றும்போது மட்டும் விழுந்தால், கீழே சொல்லப்போகும் ஹேங்கர், லிமிட் ஸ்க்ரூ பக்கம் சந்தேகப்படலாம். கியரையே தொடாமல், மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது விழுந்தால் தேய்மானத்தைச் சந்தேகப்பட வேண்டும்.

என் சைக்கிளில் இரண்டும் இருந்தது. ஆடியில் முதல் கியரில் கம்பிப் பக்கம் விழுந்தது. புரட்டாசிக்கு மேல் நடு செயின் வீலிலிருந்து, கியரைத் தொடாமலே விழுந்தது. இரண்டையும் ஒரே கோளாறு என்று நினைத்ததால்தான் மூன்று மாதம் போனது.

ஒரு எச்சரிக்கை. கம்பிப் பக்கம் ஒருமுறை விழுந்திருந்தால், சரி செய்யும் வரைக்கும் பின்னால் பெரிய பல்சக்கரத்துக்குப் போகாதீர்கள். செயின் மட்டும் போனால் கம்பி அறுபடும். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் டீரெய்லரே கம்பிக்குள் போய்விட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஓடிக்கொண்டிருக்கும்போதே நிற்கும்.

2. ஹேங்கர் நேராக இருக்கிறதா என்று பாருங்கள்

பின் சக்கரத்தின் வலது பக்கம், அச்சுக்குக் கீழே காது மாதிரி ஒரு சின்னத் துண்டு தொங்கும். அதில்தான் பின் டீரெய்லர் மாட்டியிருக்கும். அதுதான் ஹேங்கர். அலுமினிய ஃபிரேம்களில் இதை வேண்டுமென்றே மென்மையான உலோகத்தில், தனியாகக் கழற்றும்படி செய்கிறார்கள். அடி பட்டால் ஃபிரேமும் டீரெய்லரும் தப்பிக்க, இது வளைந்து கொடுக்கும். அதனால் சைக்கிள் வலது பக்கமாகச் சாய்ந்து விழுந்தாலே, ஓட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, நிறுத்தி வைத்த இடத்தில் விழுந்தாலே, இது உள்பக்கமாக வளைந்துவிடலாம்.

நம் பக்கத்தில் இது நடப்பதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் தள்ளிவிடுகிற மாதிரி அடிக்கும். சைக்கிள் ஸ்டாண்ட் இடது பக்கம் இருக்கிறது. வடக்குப் பார்த்து நிறுத்தினால் காற்று இடமிருந்து வலமாக அடித்து, டீரெய்லர் தரையில் மோதும்படி சாய்த்துவிடும். என் சைக்கிள் கம்பெனி வாசலில் அப்படித்தான் விழுந்தது. காவலாளி தூக்கி நிறுத்தி வைத்திருந்தார், ஒரு கீறல்கூட இல்லை. மறுநாள் காலையில் முதல் கியருக்கு மாற்றியதும் செயின் கம்பிப் பக்கம் போனது. இப்போதெல்லாம் அந்த மாதங்களில் தெற்குப் பார்த்து நிறுத்துகிறேன். காற்று வலது பக்கம் பட்டு ஸ்டாண்டை நோக்கியே தள்ளும். மீறி விழுந்தாலும் இடது பக்கம்தான் விழும்.

ஹேங்கரைப் பார்க்கும் முன் பின் சக்கரம் அதன் இடத்தில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நட்டையோ குயிக் ரிலீஸ் கைப்பிடியையோ தளர்த்தி, சைக்கிளைத் தரையில் நிற்க வைத்தபடியே சக்கரத்தை அழுத்தி மறுபடி இறுக்குங்கள். சக்கரம் கோணலாக இருந்தால் நேரான ஹேங்கரும் கோணலாகத்தான் தெரியும்.

அப்புறம் செயினை நடுப் பல்சக்கரத்தில் வைத்துவிட்டு, சைக்கிளுக்குப் பின்னால் குத்தவைத்து உட்காருங்கள். கண் அச்சின் உயரத்துக்கு வர வேண்டும். டீரெய்லரில் மேலும் கீழுமாக இரண்டு சின்ன உருளைகள் இருக்கும். செயின் நிற்கும் பல்சக்கரமும் இந்த இரண்டு உருளைகளும் ஒரே செங்குத்துக் கோட்டில் தெரிய வேண்டும். கீழ் உருளை கம்பிப் பக்கம் ஒதுங்கியிருந்தால் ஹேங்கர் உள்பக்கம் வளைந்திருக்கிறது என்று பொருள். மேலிருந்தும் ஒருமுறை பாருங்கள். சில சமயம் வளையாமல் முறுக்கிக்கொண்டிருக்கும்.

கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தால் சந்தேகமில்லை. தெரியாவிட்டால் நேராக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சின்ன வளைவைக் கண் பிடிக்காது. அதற்கு ஹேங்கர் கேஜ் என்று ஒரு கருவி இருக்கிறது. டீரெய்லரைக் கழற்றிவிட்டு அதே துளையில் இதைத் திருகி மாட்டுவார்கள். இதன் நீண்ட கையை ரிம் வரைக்கும் கொண்டுபோய் இடைவெளியை அளப்பார்கள். அளக்கும்போது ரிம்மில் ஒரே புள்ளியைத்தான் பார்க்க வேண்டும், வால்வு இருக்கும் இடம் வசதி. வால்வை முன்பக்கம் வைத்து ஒருமுறை, சக்கரத்தைச் சுற்றி அதே வால்வைப் பின்பக்கம் கொண்டுவந்து ஒருமுறை, அதேபோல் மேலே, கீழே. ஒரே புள்ளியைப் பார்ப்பதால் ரிம் ஆடினாலும் கணக்கு தப்பாது. நான்கு இடத்திலும் இடைவெளி வித்தியாசம் 4 மி.மீ-க்குள் இருந்தால் போதும். என்னுடையதில் முன்னுக்கும் பின்னுக்கும் சரியாக இருந்தது, மேலுக்கும் கீழுக்கும் 11 மி.மீ வித்தியாசம் வந்தது.

கடைக்குப் போகும் முன் போன் செய்து "ஹேங்கர் கேஜ் இருக்குங்களா?" என்று கேட்டுவிட்டுப் போங்கள். "அதெல்லாம் வேண்டாங்க, கையிலயே நிமித்திக்கலாம்" என்று சொன்னால் அந்த வேலைக்கு வேறு கடை பாருங்கள். டீரெய்லரைப் பிடித்து இழுத்து நிமிர்த்தினால் டீரெய்லரின் கையும் சேர்ந்து வளையும். அப்புறம் எதில் கோளாறு என்றே தெரியாமல் போகும்.

3. நிமிர்த்துவதா, மாற்றுவதா

கேஜ் வைத்து நிமிர்த்த கால் மணி நேரம் போதும். நான் கொடுத்தது 200 ரூபாய். ஸ்டீல் ஃபிரேமோடு சேர்ந்தே இருக்கும் ஹேங்கர் இரண்டு மூன்று முறைகூடத் தாங்கும். அலுமினிய ஹேங்கரை ஒருமுறை நிமிர்த்தலாம். மறுபடி வளைந்தால் மாற்றிவிடுவது நல்லது, வளைத்து வளைத்து நிமிர்த்தினால் உடையும். விரிசல் தெரிந்தாலோ, டீரெய்லர் போல்ட் மாட்டும் மரை தேய்ந்திருந்தாலோ நிமிர்த்தவே வேண்டாம்.

மாற்றுவதில் பெரிய தொல்லை, சரியான ஹேங்கரைக் கண்டுபிடிப்பது. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வடிவம் வேறு. ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்கே வேறாக இருக்கும், நூற்றுக்கணக்கான வடிவங்கள் இருக்கின்றன. கடைக்குப் போகும்போது பழைய ஹேங்கரைக் கழற்றிக் கையோடு கொண்டு போவதுதான் சிறந்தது. முடியாவிட்டால் இவை வேண்டும்: வாங்கிய பில், அதில் மாடலும் வருடமும் இருக்கும். பெடல் அச்சுக்கு அடியில் ஃபிரேமில் அடித்திருக்கும் எண்ணின் படம். ஹேங்கரின் இரண்டு பக்கமும், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுத்த படம். ஹேங்கரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ ஒன்றா, இரண்டா, அவற்றுக்கு நடுவில் எத்தனை மி.மீ என்ற அளவு.

வாரண்டியில் கேட்டுப் பார்க்கலாம் என்று நானும் பில்லோடு போனேன். கீழே விழுந்து வளைந்ததை வாரண்டியில் பொதுவாக ஏற்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பில்லை வைத்துத்தான் என் மாடலுக்கு உரிய ஹேங்கரைத் தருவித்தார்கள். விலை 450 ரூபாய், வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாள்தான் முக்கியம். வாங்கும்போதே இரண்டாக வாங்கிவிடுங்கள்.

விலை குறைந்த சில சைக்கிள்களில் ஹேங்கர் தனியாக இருக்காது. சக்கர நட்டுக்கு அடியில் ஒரு தகடு செருகி, அதில் டீரெய்லர் தொங்கும். அந்தத் தகடும் இதேபோல வளையும். அது எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும்.

4. லிமிட் ஸ்க்ரூ: ஹேங்கருக்கு அப்புறம்தான்

என் சைக்கிளில் முதலில் நடந்த தவறு இதுதான். ஹேங்கர் வளைந்திருந்தபோதே லிமிட் ஸ்க்ரூவை இறுக்கிவிட்டார்கள். செயின் கம்பிப் பக்கம் விழுவது நின்றது. ஆனால் முதல் கியர் விழவே இல்லை, நடுக் கியர்களில் கடகடவென்று சத்தம். வளைந்த ஹேங்கர் செயினைக் கோணலாகவே ஊட்டிக்கொண்டிருந்தது, ஸ்க்ரூ அதை மறைத்தது, அவ்வளவுதான்.

லிமிட் ஸ்க்ரூ செய்யும் வேலை ஒன்றே ஒன்று. டீரெய்லர் உள்ளே எவ்வளவு தூரம், வெளியே எவ்வளவு தூரம் போகலாம் என்று எல்லை கட்டும். நடுக் கியர்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டீரெய்லரில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஸ்க்ரூ இருக்கும், எச், எல் என்ற ஆங்கில எழுத்துகளோடு. எச் சின்னப் பல்சக்கரத்தின் பக்கத்து எல்லை, எல் பெரிய பல்சக்கரத்தின் பக்கத்து எல்லை. இரண்டுமே வலமாகத் திருகினால் எல்லை சுருங்கும், இடமாகத் திருகினால் விரியும். தொடும் முன் இரண்டு ஸ்க்ரூவின் தலையிலும் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், பழைய நிலைக்குத் திரும்ப முடியும். தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் வேண்டும். சின்னது வைத்துத் திருகினால் தலை மழுங்கிவிடும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுதான்.

முதலில் எச். பின் கியரைச் சின்னப் பல்சக்கரத்துக்குக் கொண்டு வாருங்கள். டீரெய்லரில் கேபிளைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி கேபிளை விடுவியுங்கள். கேபிள் இழுத்துக்கொண்டிருந்தால் ஸ்க்ரூ காட்டுவது உண்மையான எல்லை ஆகாது. பலர் இதைச் செய்யாமல்தான் அரை மணி நேரம் திருகிக்கொண்டிருப்பார்கள். இப்போது பின்னாலிருந்து பாருங்கள். மேல் உருளை சின்னப் பல்சக்கரத்துக்கு நேர் கீழே, அல்லது ஒரு மயிரிழை வெளியே நிற்க வேண்டும். அதிகம் வெளியே போயிருந்தால் எச் ஸ்க்ரூவை வலமாக. உள்ளே தள்ளியிருந்து அடுத்த பல்சக்கரத்தில் உரசினால் இடமாக.

அடுத்து எல். பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்க ஒருவர் இருந்தால் நல்லது. ஒரு கையால் பெடலை மெதுவாகச் சுற்றிக்கொண்டே, இன்னொரு கையால் டீரெய்லரை உள்பக்கம் தள்ளிச் செயினைப் பெரிய பல்சக்கரத்துக்கு ஏற்றுங்கள். விரல் கம்பிக்குள் போகாமல் வெளிப்பக்கமிருந்தே தள்ளுங்கள். மேல் உருளை பெரிய பல்சக்கரத்துக்கு நேர் கீழே நிற்க வேண்டும். இன்னும் அழுத்தித் தள்ளினாலும் செயின் தாண்டக் கூடாது. தாண்டினால் எல் ஸ்க்ரூவை வலமாகக் கால் சுற்று. ஏறவே மறுத்தால் இடமாக.

இரண்டும் முடிந்ததும் சின்னப் பல்சக்கரத்தில் வைத்து, கேபிளைக் கையால் இழுத்துப் பிடித்து போல்ட்டை இறுக்குங்கள். நடுக் கியர்கள் சரியாக விழாவிட்டால் கேபிள் டீரெய்லருக்குள் நுழையும் இடத்தில், அல்லது கியர் லீவர் பக்கத்தில் இருக்கும் திருகு உருளையைப் பயன்படுத்துங்கள். பெரிய பல்சக்கரத்துக்கு ஏற மறுத்தால் இடமாக, இறங்க மறுத்தால் வலமாக. இதற்காக லிமிட் ஸ்க்ரூவுக்குத் திரும்பிப் போகாதீர்கள்.

முன் டீரெய்லரிலும் இதே மாதிரி இரண்டு ஸ்க்ரூ உண்டு. உள்பக்கம் விழுந்தால் எல் ஸ்க்ரூவைக் கொஞ்சம் வலமாக, பெடல் பக்கம் விழுந்தால் எச் ஸ்க்ரூவை வலமாக. செயின் ஊடே போகும் அதன் கூண்டு பெரிய செயின் வீலின் பல்லுக்கு மேலே 1 முதல் 3 மி.மீ உயரத்தில், செயின் வீலுக்கு இணையாக நிற்க வேண்டும். அது கோணலாக இருந்தால் முதலில் அதைச் சரி செய்துவிட்டு ஸ்க்ரூவுக்கு வாருங்கள்.

5. கியரைத் தொடாமலே விழுந்தால்: செயினும் செயின் வீலும்

ஹேங்கர் நிமிர்த்தி, ஸ்க்ரூ வைத்த பிறகு என் சைக்கிளில் கம்பிப் பக்கம் விழுவது முற்றிலும் நின்றது. ஆனால் திருப்பூர் போகும் வழியில் மேடு ஏறும்போது நடு செயின் வீலிலிருந்து விழுவது நிற்கவில்லை. அது வேறு கோளாறு.

முதலில் செயினை அளக்க வேண்டும். 12 அங்குல ஸ்டீல் ஸ்கேல் போதும். செயினின் ஒரு பின்னுடைய நடுவில் ஸ்கேலின் சுழியை வைத்தால், புதுச் செயினில் 12 அங்குலக் கோடு இன்னொரு பின்னின் நடுவில் சரியாக வரும். தேயத் தேய அந்தப் பின் கோட்டைத் தாண்டிப் போகும். ஒரு அங்குலத்தில் 16-ல் ஒரு பங்கு, அதாவது ஒன்றரை மி.மீ தாண்டியிருந்தால் செயினை மாற்றும் நேரம். 8-ல் ஒரு பங்கு, சுமார் 3 மி.மீ தாண்டியிருந்தால் செயின் மட்டுமல்ல, அதோடு ஓடிய பற்களும் தேய்ந்திருக்கும்.

நான் சுமார் 9,000 கிலோமீட்டர் ஒரே செயினில் ஓட்டியிருந்தேன், அளக்கவே இல்லை. வாய்க்கால் கரைச் செம்மண், கம்பெனியில் நிறுத்தும் இடத்துப் பஞ்சு எல்லாம் எண்ணெயில் ஒட்டி உப்புத்தாள் மாதிரி வேலை செய்திருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் ஓட்டும் நண்பர் ஒருவர் சைக்கிளில் தென்னை நார் உருளையில் சுற்றிக்கொண்டு அதுவே செயினைத் தள்ளிவிட்டதையும் பார்த்தேன். உருளைகள் கையால் சுற்றினால் தாராளமாகச் சுற்றுகின்றனவா என்றும் பாருங்கள்.

இந்த நிலையில் புதுச் செயின் மாட்டினால் கோளாறு கூடும். பழைய செயின் நீண்டு நீண்டு, செயின் வீலின் பற்களையும் தன் அளவுக்குத் தேய்த்து வைத்திருக்கும். புதுச் செயின் அந்தப் பல்லில் உட்காராது. அழுத்தி மிதிக்கும்போது பல்லின் மேல் ஏறிக் கழன்றுவிடும். எனக்குப் புரட்டாசியில் நடந்தது இதுதான்.

செயின் வீலைப் பார்க்கும் முறை இது. நீங்கள் அதிகம் ஓட்டும் வீலின் பல்லையும், ஓட்டாத வீலின் பல்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எனக்கு நடு வீல்தான் அதிகம் ஓடியது. தேயாத பல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். தேய்ந்தது ஒரு பக்கம் சாய்ந்து, அலை மாதிரி, நுனி கூராக இருக்கும். ஆனால் பெரிய, நடு வீல்களில் சில பற்கள் பிறப்பிலேயே குட்டையாக இருக்கும், செயின் ஏறி இறங்குவதற்காக அப்படிச் செய்கிறார்கள். அதைத் தேய்மானம் என்று நினைத்து மாற்றிவிடாதீர்கள். எல்லாப் பல்லும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறதா என்பதுதான் அடையாளம்.

இன்னொரு சோதனை: புதுச் செயினோடு, செயின் வீலின் முன் ஓரத்தில் செயினைப் பிடித்து முன்னால் இழுங்கள். அசையாமல் இருக்க வேண்டும். பாதிப் பல் வெளியே தெரிந்தால் வீல் போய்விட்டது.

வீலை மட்டும் மாற்ற முடியுமா என்று பார்க்க, வீல்களைச் சேர்த்திருப்பது போல்ட்டா, ரிவெட்டா என்று பாருங்கள். நான்கு அல்லது ஐந்து போல்ட் இருந்தால் தேய்ந்த வீலை மட்டும் வாங்கி மாட்டலாம். விலை குறைந்த சைக்கிள்களில் பெரும்பாலும் ரிவெட் அடித்திருப்பார்கள். அப்படியென்றால் கிராங்கோடு முழு செட்டாகத்தான் மாற்ற வேண்டும். கிராங்கைக் கழற்றத் தனிக் கருவி தேவை, சுத்தியலால் தட்ட விடாதீர்கள், அச்சு கெட்டுவிடும். வாங்கும்போது மூன்று வீலின் பல் எண்ணிக்கையும், கிராங்கின் உள்பக்கம் அடித்திருக்கும் நீள அளவும் வேண்டும், இரண்டையும் எழுதிக்கொண்டு போங்கள். எனக்கு செட் 1,400 ரூபாய், மாட்டுக்கூலி 150. ஃப்ரீவீல் தப்பித்தது, புதுச் செயின் எந்தப் பல்லிலும் எகிறவில்லை. எகிறினால் அதையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

6. எவ்வளவு நேரம், எப்படிச் சோதிப்பது

ஹேங்கர் பார்ப்பது, ஸ்க்ரூ வைப்பது இரண்டும் முதல்முறை செய்பவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுதும் பிடிக்கும். அடுத்த முறை முக்கால் மணி நேரத்தில் முடியும். கிராங்க் செட் கடையில் இருந்தால் ஒரு மணி நேர வேலை. வாங்க வேண்டிய கருவிகள் 5 மி.மீ ஆலன் கீ, நல்ல ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஸ்டீல் ஸ்கேல், இவ்வளவுதான். ஹேங்கர் கேஜ் வீட்டுக்கு வாங்க வேண்டியதில்லை, அதற்குக் கடைக்கே போகலாம்.

சோதிக்கும்போது முதலில் காலியான, சமமான சாலையில் எல்லாக் கியரையும் இரண்டு முறை மாற்றிப் பாருங்கள். அதில் விழவில்லை என்றால் ஒரு மேட்டுக்குப் போங்கள். மேட்டில், கியரைத் தொடாமல், நீங்கள் வழக்கமாக ஓட்டும் செயின் வீலில் நின்று மிதித்துப் பாருங்கள். கடைசியாக, பின்னால் பெரிய பல்சக்கரத்துக்கு ஏற்றி, ஒரு கிலோமீட்டர் மெதுவாகப் போங்கள். கம்பிப் பக்கம் டிக் டிக் என்று ஏதாவது தட்டினால் உடனே இறங்கி எல் ஸ்க்ரூவைப் பாருங்கள்.

என் இரண்டாவது ஹேங்கர், அதன் ஸ்க்ரூக்களோடு, சீட்டுக்கு அடியில் இருக்கும் பையில் 5 மி.மீ ஆலன் கீயோடு சேர்த்துச் சுற்றி வைத்திருக்கிறேன்.